நாக்கடி மாத்திரை சட்டைப்பையில் இருக்கும்போது ஆண்மை மாத்திரை

கேள்வி: எனக்கு 58 வயது. இரண்டு வருடங்களுக்கு முன் இருதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்லி ஒரு மாத்திரை தந்தார்கள். ஏழெட்டு மாதமாக அதைத் தொடவே இல்லை. சர்க்கரைக்கும், சிறுநீர் சரியாகப் போகவும் மாத்திரை சாப்பிடுகிறேன். நண்பர் ஒருவர் ஜொகூரில் வாங்கியது என்று ஆண்மை மாத்திரை இரண்டு தந்தார். அட்டையை வெட்டிக் கொடுத்ததால் பெயரின் கடைசியில் ‘ஃபில்’ என்பதும் 20 என்ற எண்ணும்தான் தெரிகின்றன. நாக்கடி மாத்திரையைத்தான் இப்போது போடுவதில்லையே, இதைப் போட்டால் என்ன?

பதில்:

போடாதீர்கள் ஐயா. உங்களுக்கு இந்த வகை மாத்திரை வாழ்நாள் முழுவதும் ஆகாது என்று நான் சொல்லவில்லை. முறையாகப் போனால் மருத்துவரே எழுதித்தரும் வாய்ப்புக்கூட இருக்கிறது. ஆனால் அந்த நாக்கடி மாத்திரை உங்கள் மருந்துப் பட்டியலில் இருக்கும்வரை, நண்பர் தந்ததை மட்டுமல்ல, நல்ல மருந்துக்கடையில் வாங்கியதையும் நீங்கள் போடக்கூடாது. ஏற்கெனவே ஒன்றை விழுங்கிவிட்டீர்கள் என்றால், விழுங்கிய நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்கு நாக்கடி மாத்திரையைத் தொடாதீர்கள். அதற்குள் நெஞ்சு வலி வந்தால் செய்யவேண்டியதைக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன். அதை முதலில் படித்துவிட்டு மற்றதைப் படித்தாலும் சரி.

மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்த காலத்தில் இதே கேள்வியைப் பல ஆண்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கூட வந்த மனைவியைப் பணம் கட்டும் இடத்துக்கு அனுப்பிவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். நாக்கடி மாத்திரை சேர்ந்த வகையின் பெயரைச் சொல்லி, “நைட்ரேட் சாப்பிடுகிறீர்களா?” என்று திருப்பிக் கேட்டால், பெரும்பாலோர் “இல்லை” என்றுதான் சொல்வார்கள். சட்டைப்பையில் பழுப்பு நிறக் கண்ணாடிப் புட்டி இருக்கும். அதிலிருக்கும், கடுகைவிடச் சற்றே பெரிய வெள்ளை மாத்திரையை அவர்கள் ‘சாப்பிடுவதாக’ நினைப்பதில்லை, அது அவசரத்துக்கு வைத்திருப்பது. நீங்களும் அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆபத்து இருப்பதே அந்த நினைப்பில்தான். தினமும் நைட்ரேட் சாப்பிடுகிறவருக்கு அது நினைவில் இருக்கும், மருத்துவரும் மறுத்துவிடுவார். எப்போதோ ஒரு முறை போடுகிறவர்தான் முதல் நாள் இரவு ஒன்றையும் மறுநாள் பகலில் மற்றொன்றையும் போட்டுக்கொள்கிறார்.

இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகிறது என்பதைச் சொல்கிறேன். இரத்தக் குழாயின் சுவரில் மெல்லிய தசை இருக்கிறது. அது இறுகினால் குழாய் ஒடுங்கும், தளர்ந்தால் விரியும். தளரச் சொல்லும் செய்தியை உடல் நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயுவைக் கொண்டு அனுப்புகிறது. அந்த வாயு தசைக்குள் சைக்ளிக் ஜிஎம்பி என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு பொருளை உண்டாக்குகிறது, தசையைத் தளர்த்துவது அந்தப் பொருள்தான். வேலை முடிந்ததும் அதைச் சிதைக்க ஒரு நொதி இருக்கிறது, அதற்கு பிடிஇ5 என்று பெயர். உங்கள் நாக்கடி மாத்திரையின் பெயர் கிளிசரில் டிரைநைட்ரேட், அட்டையில் ஜிடிஎன் என்று போட்டிருப்பார்கள். அது உடலுக்குள் போனதும் நைட்ரிக் ஆக்ஸைடாக மாறி, அந்தப் பொருளை ஏராளமாக உண்டாக்குகிறது. ஆண்மை மாத்திரை செய்வது இதற்கு மறுபுறமான வேலை: சிதைக்கும் நொதியின் கையைக் கட்டிப்போடுகிறது. குழாயையும் முழுதாகத் திறந்துவிட்டு வடிகாலையும் அடைத்ததுபோல, உண்டாவது கூடி, அழிவது நின்று, உடல் முழுவதும் இரத்தக் குழாய்கள் ஒரே நேரத்தில் விரிந்துபோகின்றன. இரத்த அழுத்தம் சரிகிறது.

தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே பெரிய தொந்தரவு தருவதில்லை. ஆண்மை மாத்திரைகளில் ஒன்றான சில்டெனாஃபில் மட்டும் போட்டால் மேல் அழுத்தம் சராசரியாக 8 புள்ளி அளவுக்குத்தான் குறையும். இந்த வகையில் முதலாவதான சில்டெனாஃபிலே நெஞ்சு வலிக்கான மருந்தாகத்தான் ஆராயப்பட்டது. அதில் அது பெரிதாகத் தேறவில்லை. அமெரிக்காவில் 1998 மார்ச் மாதம் அனுமதி கிடைத்தபோது அது விறைப்புக் குறைபாட்டுக்கான மருந்தாகியிருந்தது. ஆகவே இதை ‘இருதயத்தைக் கெடுக்கும் மாத்திரை’ என்று பொதுவாகச் சொல்வது சரியல்ல. நைட்ரேட்டோடு சேரும்போது மட்டும் இதன் குணமே வேறாகிவிடுகிறது.

இப்போது உங்கள் கையில் இருப்பதைப் பார்ப்போம். இந்தக் குடும்பத்து மருந்துகள் எல்லாவற்றின் பெயரும் ‘ஃபில்’ என்றே முடியும்: சில்டெனாஃபில், டடாலாஃபில், வார்டெனாஃபில், அவனாஃபில். 20 என்ற எண்ணைக் கொண்டும் தீர்மானிக்க முடியாது. டடாலாஃபிலும் 20 மில்லிகிராமில் வருகிறது, வார்டெனாஃபிலும் வருகிறது. நுரையீரல் இரத்த அழுத்தத்துக்கான சில்டெனாஃபிலும் 20 மில்லிகிராமில் இருக்கிறது. எதுவாக இருந்தால் என்ன என்று கேட்கலாம். அவை உடலில் தங்கும் நேரம்தான் வேறு. சில்டெனாஃபில் ஏறக்குறைய 4 மணி நேரத்துக்கு ஒரு முறை பாதியாகக் குறையும். 24 மணி நேரத்தில் ஆறு முறை பாதியாகி, அநேகமாக ஒன்றும் மிஞ்சாது. டடாலாஃபில் பாதியாகவே 17 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு முழு நாள் கழிந்த பிறகும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உடலில் இருக்கும். அதனால்தான் சில்டெனாஃபிலுக்கும் வார்டெனாஃபிலுக்கும் பிறகு குறைந்தது 24 மணி நேரம், டடாலாஃபிலுக்குப் பிறகு குறைந்தது 48 மணி நேரம் நைட்ரேட் கொடுக்கக்கூடாது என்று வைத்திருக்கிறார்கள். பெயர் தெரியாத மாத்திரைக்கு நீளமான கணக்கைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். முதியவர்களுக்கும், சிறுநீரகமோ கல்லீரலோ பலவீனமானவர்களுக்கும் மருந்து இன்னும் மெதுவாகவே வெளியேறும் என்பதால், 48 மணி நேரம் என்பதும் குறைந்தபட்சம்தான்.

வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்கு அதைப் போட்டீர்கள், அது டடாலாஃபில்தான் என்று வைத்துக்கொள்வோம். இரவு நல்லபடியாகக் கழிகிறது, ஒரு தொந்தரவும் இல்லை. சனிக்கிழமை காலை தேக்கா சந்தைக்குப் போய் மீனும் காய்கறியும் வாங்கிக்கொண்டு திரும்புகிறீர்கள். புளோக்கில் மின்தூக்கி பழுது. இரண்டு கையிலும் பையோடு நான்காம் மாடிக்கு ஏறுகிறீர்கள். நண்பகல் 12 மணி. நெஞ்சின் நடுவில் இறுக்கம். ஏழெட்டு மாதத்துக்குப் பிறகு வருகிறது, ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்: உட்கார், ஒன்றை நாக்குக்கு அடியில் வை. முதல் நாள் இரவு போட்ட மாத்திரை அந்த நேரத்தில் நினைவுக்கே வராது. அதன் வேலை முடிந்துவிட்டது என்றுதான் தோன்றும். ஆனால் 14 மணி நேரம்தான் ஆகியிருக்கிறது, பாதிக்கு மேல் உடலில் இருக்கிறது.

நாக்கடி மாத்திரை ஓரிரு நிமிடங்களில் வேலையைத் தொடங்கும். வழக்கமாக அது போட்டதும் சற்றுத் தலை கனக்கும், முகம் சூடாகும், வலி இறங்கும். இந்த முறை கண் இருள்கிறது. குளிர்ந்த வியர்வை கொட்டுகிறது. காதில் இரைச்சல். எழுந்து தண்ணீர் எடுக்கப் போனால் விழுந்துவிடுவீர்கள். அதைவிட மோசமானது உள்ளே நடப்பது. இருதயத் தசைக்கு இரத்தம் போய்ச்சேர, குழாயில் ஓரளவு அழுத்தம் இருந்தாக வேண்டும். உங்களுக்கு ஒரு குழாயில் ஸ்டென்ட் இருக்கிறது, மற்றக் குழாய்கள் முழுச் சுத்தமாக இருக்கும் என்று உறுதி இல்லை. அழுத்தம் தாழ்ந்ததும், ஒடுங்கிய இடத்துக்கு அப்பால் உள்ள தசைக்கு இரத்தம் போவது குறைகிறது. சரிந்த அழுத்தத்தை ஈடுகட்ட இருதயம் வேகமாக அடிக்கிறது, அதற்கு இன்னும் அதிக இரத்தம் வேண்டும். ஆகவே வலி குறைவதற்குப் பதில் கூடுகிறது. வலி கூடியதும் மனிதர் என்ன செய்வார்? ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு இரண்டாவது மாத்திரையை எடுப்பார், முன்பு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். மாரடைப்பிலோ மரணத்திலோ கொண்டுபோய்விடுவது பெரும்பாலும் இந்தச் சுழல்தான்.

ஆகவே, ஆண்மை மாத்திரை போட்ட இரண்டு நாளுக்குள் நெஞ்சு வலி வந்தால், அது உறவின்போதானாலும் மாடி ஏறும்போதானாலும், செய்வதை உடனே நிறுத்தி உட்காருங்கள். நாக்கடி மாத்திரையைப் போடாதீர்கள். வலி தானே போகுமா என்று காத்திருக்காமல் 995-ஐ அழையுங்கள். டாக்சி பிடித்துப் போகவேண்டாம். வந்து சேரும் மருத்துவ உதவியாளரிடம் நீங்கள் முதலில் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்: “நேற்று இரவு 10 மணிக்கு ஆண்மை மாத்திரை போட்டேன்.” நெஞ்சு வலி என்றதும் அவரும் நாக்கடியில் நைட்ரேட் தர நினைக்கலாம், மருத்துவமனையில் அதையே நரம்பு வழியாக ஏற்றலாம். நீங்கள் சொல்லிவிட்டால் அதைத் தவிர்த்து வேறு மருந்துகளைக் கொண்டு அவர்களால் சிகிச்சை தர முடியும். அவர்கள் இதைக் கேட்டு முகம் சுளிக்கமாட்டார்கள். பெயர் தெரியாவிட்டால் மிச்ச அட்டையைக் காட்டுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று மறைத்துவிடாதீர்கள்.

தெரியாமல் இரண்டையும் போட்டுவிட்டு மயக்கம் வந்தால், தரையிலேயே மல்லாந்து படுங்கள், கால்களை நாற்காலி மேல் தூக்கி வையுங்கள், பக்கத்தில் இருப்பவரை 995-ஐ அழைக்கச் சொல்லுங்கள். எழுந்து நடக்காதீர்கள். இரண்டாவது நாக்கடி மாத்திரை வேண்டவே வேண்டாம். இந்தக் காரணத்துக்காகத்தான் உங்கள் மனைவிக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்கிறேன். நீங்கள் பேச முடியாத நிலையில் இருந்தால், அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

நைட்ரேட் நாக்கடி மாத்திரையாக மட்டும் வருவதில்லை. வாயில் தெளிக்கும் ஸ்பிரேயாகவும், மார்பில் ஒட்டும் பட்டையாகவும், தினமும் விழுங்கும் மாத்திரையாகவும் வருகிறது. விழுங்கும் வகையில் ஐசோசார்பைடு டைநைட்ரேட், ஐசோசார்பைடு மோனோநைட்ரேட் என்ற இரண்டு பெயர்களைத் தேடுங்கள். நிகோராண்டில் என்ற நெஞ்சுவலி மாத்திரையின் பெயரில் நைட்ரேட் என்ற சொல் இருக்காது, ஆனால் அதற்கும் அதே வேலை உண்டு, அதே தடையும் உண்டு. நுரையீரல் இரத்த அழுத்தத்துக்குத் தரும் ரியோசிகுவாட்டும் அப்படியே. சிலர் உறவின்போது முகர்ந்து பார்க்கும் ‘பாப்பர்ஸ்’ என்ற திரவமும் இதே வழியில்தான் இரத்தக் குழாயை விரிக்கிறது, அதனோடும் சேர்க்கக்கூடாது. மறுபக்கம், ஆஸ்பிரின், கொழுப்புக்கான அட்டோர்வாஸ்டாட்டின், பிசோப்ரோலால், அம்லோடிபின் போன்றவை நைட்ரேட் அல்ல. அவற்றையும் பயந்துபோய் நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்டென்ட் வைத்தவர் ஆஸ்பிரினைத் தானாக நிறுத்துவது தனி ஆபத்து.

“இன்று காலை நைட்ரேட் மாத்திரையை விட்டுவிட்டு இரவு இதைப் போட்டுக்கொள்ளலாமா?” என்றும் கேட்பார்கள். கூடாது. மோனோநைட்ரேட்டின் மெதுவாகக் கரையும் வகை ஒரு நாள் முழுக்க வேலை செய்வதற்காகச் செய்யப்பட்டது. முந்தைய நாளின் மருந்து உடலில் மிச்சம் இருக்கலாம். அது போதாதென்று, நெஞ்சு வலியை அடக்கி வைத்திருந்த மருந்தை நிறுத்திய அதே நாளில் இருதயத்துக்கு அதிக வேலை கொடுக்கிறீர்கள்.

அப்படியானால் வழி என்ன? உங்கள் கடிதத்தில் எனக்கு நம்பிக்கை தரும் செய்தி, ஏழெட்டு மாதமாக நெஞ்சு வலி இல்லை என்பது. அடுத்த இருதயச் சந்திப்பில், அது தொலைவில் இருந்தால் முன்னதாகக் கேட்டு வாங்கிய சந்திப்பில், மருத்துவரிடம் இரண்டு கேள்விகளை வையுங்கள். ஒன்று, எனக்கு இனியும் ஜிடிஎன் தேவையா? இரண்டு, என் இருதயம் உடலுறவைத் தாங்குமா? இரண்டாவது கேள்விக்கு மருத்துவர்கள் வழக்கமாகப் பார்ப்பது, நெஞ்சு வலியோ மூச்சு வாங்கலோ இல்லாமல் இரண்டு மாடி விறுவிறுவென்று ஏற முடிகிறதா என்பது. உங்களுக்குச் சர்க்கரை இருப்பதால் இதில் ஒரு சிக்கல் உண்டு. நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்களுக்கு நெஞ்சு வலி தெரியாமலே இருதயம் திணறலாம், மூச்சு வாங்குவதோ வழக்கத்துக்கு மீறிய அசதியோ மட்டும் இருக்கும். ஆகவே ‘வலி இல்லை’ என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், ஓடுபொறியில் நடக்கவைத்துப் பார்க்கும் சோதனைக்கு மருத்துவர் அனுப்பக்கூடும். மறுக்காமல் போங்கள்.

எல்லாம் நன்றாக இருந்து, ஜிடிஎன்-ஐப் பட்டியலிலிருந்து அவர் எடுத்துவிட்டால், புட்டியை மருந்தகத்தில் ஒப்படைத்துவிடுங்கள். வீட்டில் இருந்தால் கை அதைத் தேடும். அதன் பிறகு குறைந்த அளவில் ஒரு ஆண்மை மாத்திரையை அவர் எழுதித்தரலாம். உங்கள் நிலையில் நான் இருந்தால் நீண்ட நேரம் தங்கும் டடாலாஃபிலைவிடச் சில்டெனாஃபிலை முதலில் கேட்பேன். ஏதாவது ஆகி அவசரத்தில் நைட்ரேட் தேவைப்பட்டால், தடை ஒரு நாளில் விலகிவிடும். ஜிடிஎன் கட்டாயம் வேண்டும் என்று மருத்துவர் சொன்னால் இந்தக் குடும்பத்து மாத்திரை உங்களுக்கு இல்லை, அவ்வளவுதான். ஆனால் வழி அடைபடுவதில்லை. வெற்றிடக் குழாய்க் கருவி இருக்கிறது. உறுப்பிலேயே சிறு ஊசியால் போடும் அல்ப்ரோஸ்டாடில் இருக்கிறது. அல்ப்ரோஸ்டாடில் வேறு பாதையில் வேலை செய்வதால் நைட்ரேட்டோடு இப்படி மோதுவதில்லை. இவற்றைச் சிறுநீர்ப்பாதை மருத்துவர் கற்றுக்கொடுப்பார்.

சிறுநீருக்கு நீங்கள் சாப்பிடும் மாத்திரையின் பெயரை எழுதவில்லை. டாம்சுலோசின், அல்ஃபுசோசின், டெராசோசின், டாக்ஸாசோசின் இவற்றில் ஒன்றாக இருக்கலாம். இவையும் இரத்தக் குழாயைத் தளர்த்துகின்றன, கடைசி இரண்டும் கூடுதலாக. நைட்ரேட்டைப்போல் முற்றிலும் தடை இல்லை, எச்சரிக்கை வேண்டும். அந்த மாத்திரையைச் சில காலம் ஒரே அளவில் சாப்பிட்டு, தலைசுற்றல் இல்லாமல் நிலைப்பட்ட பிறகுதான் ஆண்மை மாத்திரையைத் தொடங்க வேண்டும்; சில்டெனாஃபில் என்றால் 25 மில்லிகிராமில். இரண்டையும் ஒரே நேரத்தில் விழுங்காமல் சில மணி நேரம் இடைவெளி விடச் சொல்வார்கள். நள்ளிரவில் சிறுநீர் கழிக்க எழும்போதுதான் இந்தச் சேர்க்கை ஆளைத் தள்ளிவிடும். கட்டிலின் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுங்கள். சர்க்கரையால் நரம்பு பாதிக்கப்பட்டவர்களுக்கு எழுந்து நிற்கும்போதே அழுத்தம் இறங்கும் பழக்கம் உண்டு, அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அன்றைக்கு மதுவைத் தவிர்ப்பது நல்லது, அதுவும் அழுத்தத்தை இறக்கும்.

மற்ற நிலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், உங்களைப்போல் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது பொருந்தலாம். கடந்த ஆறு மாதத்துக்குள் மாரடைப்போ பக்கவாதமோ ஆபத்தான இருதயத் துடிப்புக் கோளாறோ வந்தவர்கள், ஓய்வாக இருக்கும்போதே நெஞ்சு வலிப்பவர்கள், இரத்த அழுத்தம் 90/50-க்குக் கீழேயோ 170/110-க்கு மேலேயோ இருப்பவர்கள், முதலில் அதைச் சரிசெய்துகொள்ள வேண்டும். கல்லீரல் கடுமையாகக் கெட்டவர்களுக்கும், சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்பவர்களுக்கும் மருத்துவர் அளவைக் குறைப்பார் அல்லது மறுப்பார். பரம்பரையாக வரும் விழித்திரைச் சிதைவு உள்ளவர்களும், கண் நரம்புக்கு இரத்தம் நின்று ஒரு கண்ணில் பார்வை போனவர்களும் போடக்கூடாது. இரத்தப் புற்றுநோய், அரிவாள் அணு நோய் உள்ளவர்களுக்கு விறைப்பு இறங்காமல் நின்றுவிடும் அபாயம் கூடுதல். யாருக்கானாலும் நான்கு மணி நேரத்தைத் தாண்டி விறைப்பு நீடித்தாலோ, திடீரென்று பார்வையோ காது கேட்பதோ மங்கினாலோ, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடாமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். பூஞ்சைக்குத் தரும் கீட்டோகோனசோல், இட்ராகோனசோல், கிருமிக்குத் தரும் கிளாரித்ரோமைசின், ரிட்டோனவிர் கலந்த மருந்துகள் இவையெல்லாம் ஆண்மை மாத்திரை கல்லீரலில் கரைவதைத் தடுத்து, ஒரு மாத்திரையைப் பல மாத்திரையாக்கிவிடும்.

இனி நண்பர் தந்த அந்த இரண்டு மாத்திரைகள். ‘ஃபில்’ என்று அச்சிட்டிருப்பதால் உள்ளே அதுதான் இருக்கிறது என்று இவ்வளவு நேரம் வைத்துக்கொண்டு பேசினேன். அது உறுதியே இல்லை. 2008-ஆம் ஆண்டு ஜனவரி தொடங்கி மே மாதக் கடைசி வாரம் வரை, சர்க்கரை நோயே இல்லாத 150 பேர் இரத்தச் சர்க்கரை அபாயமாக இறங்கிய நிலையில் சிங்கப்பூரின் ஐந்து பொது மருத்துவமனைகளுக்கு வந்து சேர்ந்தார்கள். ஏழு பேர் நினைவு திரும்பாத நிலைக்குப் போனார்கள். அவர்களில் நான்கு பேர் இறந்தார்கள். பலரும் முதலில் வாயைத் திறக்கவில்லை, பிறகு சிலர் ஒப்புக்கொண்டார்கள்: ஆண்மைக்கு என்று விற்ற மாத்திரைகளைச் சாப்பிட்டிருந்தார்கள். டடாலாஃபிலின் போலி ஒன்றும், மூலிகை என்று சொல்லப்பட்ட சிலவும் சோதனைக்குப் போயின. உள்ளே கிளிபென்கிளமைடு என்ற, சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை, சர்க்கரை நோயாளிக்கே தராத அளவில் இருந்தது. உங்களைப்போல் ஏற்கெனவே சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர் அதை விழுங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். சர்க்கரை தாழ்ந்தாலும் வியர்வை, நடுக்கம், தடுமாற்றம். அழுத்தம் தாழ்ந்தாலும் வியர்வை, தலைசுற்றல், மயக்கம். பார்த்துப் பிரித்தறிவது கடினம். வீட்டில் விரல் குத்திப் பார்க்கும் கருவி இருந்தால் உடனே பாருங்கள். 4 மில்லிமோலுக்குக் கீழே இருந்து நினைவும் தெளிவாக இருந்தால் இனிப்பான பானம் குடியுங்கள். குடித்ததும் தெளிந்துவிட்டது என்று அதோடு விடாதீர்கள். கிளிபென்கிளமைடு நீண்ட நேரம் வேலை செய்யும், சர்க்கரை மீண்டும் மீண்டும் இறங்கும். மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

கேலாங் சந்துகளில் விற்பதும், எல்லை தாண்டி வருவதும், இணையத்தில் ‘மூலிகைக் காபி’, ‘தேன்’, ‘மிட்டாய்’ என்ற பெயரில் வருவதும் இன்றும் நிற்கவில்லை. இவற்றில் டடாலாஃபிலோ சில்டெனாஃபிலோ மறைத்துக் கலந்திருந்ததைச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை அறிவித்திருக்கிறது. நைட்ரேட் எடுப்பவருக்கு நான் அதிகம் பயப்படுவது இந்தக் காபிக்குத்தான். மாத்திரை என்றால் போட்டோம் என்ற நினைவாவது இருக்கும். காபி குடித்தவர் மருத்துவரிடம் மனதார “ஒன்றும் எடுக்கவில்லை” என்று சொல்வார். அடையாளம் ஒன்று உண்டு: மூலிகை என்று குடித்த ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்குள் பலன் தெரிந்து, கூடவே முகம் சிவந்து, தலை வலித்து, மூக்கும் அடைத்துக்கொண்டால், உள்ளே மருந்து கலந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். டடாலாஃபில் என்றால் மறுநாள் முதுகும் தொடையும் வலிப்பதும் உண்டு. இந்த அறிகுறிகள் இல்லாததால் கலப்படம் இல்லை என்று அர்த்தமாகாது.

சிங்கப்பூரில் இது மருத்துவர் சீட்டில் தரும் மருந்து. பலதுறை மருந்தகத்திலேயே கேட்கலாம், பெரிய நிபுணரைத் தேடிப் போக வேண்டியதில்லை. போகும்போது வீட்டில் உள்ள எல்லா அட்டைகளையும், அந்தப் பழுப்புப் புட்டியையும், நண்பர் தந்த துண்டையும் ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். கணினியில் எல்லாம் தெரியும் என்று இருந்துவிடாதீர்கள்; தனியார் மருந்தகத்தில் வாங்கியதும் ஊரிலிருந்து வந்ததும் அங்கே தெரியாமல் போகலாம். ஆங்கிலத்தில் சொல்லக் கூச்சமாக இருந்தால், மகளையோ மகனையோ மொழிபெயர்க்க அழைத்துப் போவதைவிட, “விறைப்பு சரியாக வரவில்லை, எனக்கு ஜிடிஎன் இருக்கிறது, ஸ்டென்ட் வைத்திருக்கிறது” என்று ஒரு தாளில் எழுதி நீட்டிவிடுங்கள். தமிழ் பேசும் தாதி இருந்தால் அவரை அழைத்துத்தரச் சொல்லியும் கேட்கலாம்.

அந்தச் சந்திப்பில் விறைப்புக் குறைபாடு எப்போது தொடங்கியது என்பதையும் சொல்லுங்கள். ஸ்டென்ட் வைப்பதற்கு முன்பே தொடங்கியதா, பிசோப்ரோலால் போன்ற மாத்திரை ஒன்று தொடங்கிய பிறகு வந்ததா, அண்மையில் கூடியதா என்பது மருத்துவருக்கு முக்கியம். ஆணுறுப்புக்குப் போகும் குழாய்கள் இருதயக் குழாய்களைவிடச் சிறியவை, அடைப்பு பெரும்பாலும் அங்கேதான் முதலில் தெரியும். ஸ்டென்டுக்குப் பிறகு சரியாக இருந்து, இப்போது புதிதாகக் குறைந்திருக்கிறது என்றால், மாத்திரை எழுதுவதற்கு முன் மருத்துவர் உங்கள் இருதயத்தை மறுபடி பார்க்க விரும்புவார்.